டிவிடெண்ட் தள்ளுபடி மாதிரி: விடை தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

ஒரு பங்கு இனி தரப்போகும் டிவிடெண்டுகள் அத்தனையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதாவது தள்ளுபடி செய்து, கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகைதான் பங்கின் மதிப்பு. இந்தக் கருத்தை 1938இல் ஜான் பர் வில்லியம்ஸ் விரிவாக எழுதினார். டிவிடெண்ட் ஒரே வேகத்தில் என்றென்றும் வளரும் என்று வைத்துக்கொண்டால் முடிவில்லாத அந்தக் கூட்டல் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். 1956இல் மைரன் கார்டனும் எலி ஷாப்பிரோவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்த வரி கார்டன் சூத்திரம் என்ற பெயரில் பரவியது:

```
P = D1 / (r - g)
```

D1 என்பது அடுத்த ஆண்டு டிவிடெண்ட். r என்பது இந்தப் பங்கின் ஆபத்துக்கு ஈடாக நாம் கேட்கும் ஆண்டு வருமானம். g என்பது டிவிடெண்ட் வளரும் வேகம். மூன்றே எண்கள்தான் என்றாலும், நான் பார்த்த கணக்குத் தாள்களில் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தவை மிகக் குறைவு. தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் நடக்கின்றன. ஒவ்வொன்றும் விடையில் ஓர் அடையாளத்தை விட்டுப்போகிறது. அந்த அடையாளத்திலிருந்து பிழைக்குப் போவதுதான் இங்கே வழி.

எல்லாவற்றுக்கும் ஒரே கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு ஒன்றுக்குக் கடந்த ஆண்டு லாபம் 30 ரூபாய். அதில் 12 ரூபாயை டிவிடெண்டாகக் கொடுத்தது, அதாவது 40 சதவீதம். மீதி 60 சதவீதத்தைத் தொழிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பங்குதாரர்களின் பணத்தின் மீது அது ஈட்டும் லாபம், சந்தையில் ஆர்.ஓ.இ. என்று சொல்வது, 20 சதவீதம். சந்தை விலை 480 ரூபாய்.

அறிகுறி 1: விடையில் #DIV/0! வருகிறது, அல்லது மைனஸ் வருகிறது, அல்லது நம்ப முடியாத உயரத்தில் நிற்கிறது

நிறுவனம் லாபத்தில் 60 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதில் 20 சதவீதம் ஈட்டுகிறது. ஆகவே வளர்ச்சி 0.60 × 20 = 12 சதவீதம். அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 13.44 ரூபாய். r-ஐ 12.5 சதவீதம் என்று போட்டால் மதிப்பு 2,688 ரூபாய் வருகிறது. 13 என்று போட்டால் சரிபாதியாக 1,344. 12 என்று போட்டால் #DIV/0!. 11.5 என்று போட்டால் மைனஸ் 2,688.

மைனஸைப் பார்த்தவுடன் ஃபார்முலாவை எங்கோ மாற்றி எழுதிவிட்டோம் என்று தேடத் தொடங்குவார்கள். ஃபார்முலாவில் பிழை இல்லை. முடிவில்லாத தொடர் ஒன்றில் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடச் சிறியதாக இருந்தால்தான் கூட்டல் ஓர் எண்ணில் போய் நிற்கும். டிவிடெண்ட் 12 சதவீதம் வளர, நாம் அதை 11.5 சதவீதம் தள்ளுபடி செய்தால் உறுப்புகள் பெருத்துக்கொண்டே போகும். கூட்டலுக்கு முடிவே இல்லை. அந்த நிலையில் சூத்திரம் தரும் மைனஸ் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

இங்கே பலர் செய்யும் தவறான சிகிச்சை, விடை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்வரை r-ஐ ஏற்றுவது. r தொழிலின் ஆபத்திலிருந்து வர வேண்டிய எண். விடைக்காக அதை அசைத்தால் பிறகு அந்தத் தாளில் எதையும் நம்ப முடியாது. நோய் g-யில் இருக்கிறது. 12 சதவீதம் என்பது இன்றைய வேகம். அது என்றென்றைக்குமான வேகம் அல்ல. நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு நிறுவனம் என்றென்றும் வளர்ந்தால் ஒரு நாள் அது பொருளாதாரத்தையே விழுங்கிவிட வேண்டும். நிரந்தர g-க்கு நான் வைக்கும் உச்சவரம்பு பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம் தரும் வட்டி; இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் அது சுமார் 6, 7 சதவீதம்.

ஆகவே காலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 12 சதவீதம், அதன்பின் நிரந்தரமாக 6 சதவீதம். எக்ஸலில் B1-இல் r, B2-இல் முதல் கட்ட வளர்ச்சி, B3-இல் நிரந்தர வளர்ச்சி, B4-இல் கடந்த ஆண்டு டிவிடெண்ட் என்று வைத்துக்கொண்டால் தாள் இவ்வளவுதான்:

```
B6:  =B4*(1+B2)
B7:  =B6*(1+$B$2)
B11: =B10*(1+B3)/(B1-B3)
B12: =NPV(B1,B6:B10)+B11/(1+B1)^5
```

B7-ஐ B10 வரை கீழே இழுத்துவிடுங்கள். NPV என்பது வரிசையாக வரும் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டும் எக்ஸல் கட்டளை. B11 என்பது ஆறாம் ஆண்டு தொடங்கி வரும் எல்லா டிவிடெண்டுகளுக்கும் ஐந்தாம் ஆண்டு முடிவில் இருக்கும் மதிப்பு. இறுதி மதிப்பு என்று சொல்வது இதைத்தான். r 12.5 சதவீதம் என்று வைத்தால் B12-இல் 250.59 ரூபாய் வரும். இது இன்னும் சரியான விடை அல்ல. ஏன் என்பதை மூன்றாம் அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி 2: விடை நம்பும்படி இருக்கிறது, ஆனால் தாளைச் சோதிக்க வழி தெரியவில்லை

மைனஸ் வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். ஐந்து, எட்டு சதவீதம் விலகி நிற்கும் விடைதான் ஆபத்து, ஏனென்றால் அது கேள்வி கேட்கத் தூண்டாது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. முதல் கட்ட வளர்ச்சியையும் நிரந்தர வளர்ச்சியையும் ஒரே எண்ணாக்குங்கள். இரண்டுமே 6 சதவீதம் என்றால் இரண்டு கட்டம் என்பதே இல்லை. தாள் தரும் விடை கார்டன் சூத்திரத்தின் விடையோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். 12 × 1.06 / 0.065 = 195.69.

உங்கள் தாள் 195.69 தராவிட்டால், அது என்ன தருகிறது என்பதிலேயே பிழை எங்கே என்று தெரிந்துவிடும்.

179.55 வந்தால் இறுதி மதிப்பை ஐந்துக்குப் பதிலாக ஆறு ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்திருக்கிறீர்கள். இதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஆறாம் ஆண்டு டிவிடெண்டை வைத்துக் கணக்கிட்டதால் ஆறு ஆண்டு என்று மனம் சொல்லும். ஆனால் கார்டன் சூத்திரம் எப்போதும் அடுத்த டிவிடெண்டுக்கு ஓர் ஆண்டு முந்தைய மதிப்பைத் தருகிறது. D1 தருவது இன்றைய மதிப்பு என்றால், D6 தருவது ஐந்தாம் ஆண்டு முடிவின் மதிப்பு.

187.47 வந்தால் B11-இல் (1+B3) விடுபட்டிருக்கிறது. ஆறாம் ஆண்டு டிவிடெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாம் ஆண்டினது நிற்கிறது. 184.62 வந்தால் ஏற்கெனவே கொடுத்து முடிந்த 12 ரூபாயையே முதலாம் ஆண்டு டிவிடெண்டாக எடுத்திருக்கிறீர்கள், அதனால் தொடர் முழுவதும் ஓர் ஆண்டு பின்தங்கிவிட்டது. 200.76 வந்தால் NPV-யின் வரம்புக்குள் B4-இன் 12 ரூபாயும் சேர்ந்துவிட்டது. NPV தன் வரம்பின் முதல் எண் ஓர் ஆண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். நேற்று பங்குதாரரின் கணக்கில் ஏறிவிட்ட பணத்துக்கு இன்று வாங்குபவர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

195.69 வந்த பிறகே B2-ஐ 12 சதவீதத்துக்குத் திருப்புங்கள்.

அறிகுறி 3: g-ஐ ஒரு சதவீதம் அசைத்தால் மதிப்பு தாவிக் குதிக்கிறது, நல்ல நிறுவனமாக இருந்தும் மதிப்பு மிகக் குறைவாக வருகிறது

பார்ப்பதற்கு இரண்டு வெவ்வேறு குறைகள். வேர் ஒன்றுதான், இந்த மாதிரியில் புரிந்துகொள்ள வேண்டிய மையமும் அதுதான்.

250.59 ரூபாய்க் கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் நிறுவனம் லாபத்தில் 60 சதவீதத்தை வைத்துக்கொண்டு 12 சதவீதம் வளர்ந்தது. ஆறாம் ஆண்டிலிருந்து வளர்ச்சியை 6 சதவீதமாகக் குறைத்தோம். ஆனால் டிவிடெண்ட் விகிதத்தைத் தொடவில்லை. இன்னும் லாபத்தில் 60 சதவீதத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. பாதி வேகத்தில் போகும் வண்டிக்கு முழு வேகத்துக்கான எரிபொருளை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த மிச்சப் பணம் எங்கே போனது? பங்குதாரருக்கும் வரவில்லை, வளர்ச்சியாகவும் மாறவில்லை. கணக்குக்குள்ளேயே காணாமல் போய்விட்டது.

வளர்ச்சிக்கு விலை உண்டு. g சதவீதம் வளர, லாபத்தில் g-ஐ ஆர்.ஓ.இ.யால் வகுத்த பங்கை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். மீதிதான் டிவிடெண்ட்.

போட்டி கூடக் கூட 20 சதவீத ஆர்.ஓ.இ. நிலைக்காது, நீண்ட காலத்தில் அது 15 ஆக இறங்கும் என்று வைப்போம். 6 சதவீதம் வளர 6/15, அதாவது 40 சதவீதத்தை வைத்துக்கொண்டால் போதும். 60 சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுக்கலாம். ஐந்தாம் ஆண்டில் பங்கு ஒன்றுக்கான லாபம் 52.87 ரூபாய், ஆறாம் ஆண்டில் 56.04, அதில் 60 சதவீதம் 33.63. இறுதி மதிப்பு 33.63 / 0.065, அதாவது சுமார் 517. அதன் இன்றைய மதிப்பு 287.07. முதல் ஐந்து ஆண்டு டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு 59.20. மொத்தம் சுமார் 346 ரூபாய். டிவிடெண்ட் விகிதம் ஒன்றைச் சரிசெய்ததும் மதிப்பு 251இலிருந்து 346க்கு வந்துவிட்டது.

தாளில் இதைச் செய்ய, கடந்த ஆண்டு லாபத்தை C4-இலும் நீண்டகால ஆர்.ஓ.இ.யை B5-இலும் வைத்து B11-ஐ மட்டும் மாற்றினால் போதும்:

```
B11: =C4*(1+B2)^5*(1+B3)*(1-B3/B5)/(B1-B3)
```

இப்போது தாவிக் குதிக்கும் சிக்கலுக்கு வருவோம். நிரந்தர g-ஐ 5இலிருந்து 7 சதவீதம் வரை அசைத்துப் பாருங்கள். டிவிடெண்ட் விகிதத்தை 60 சதவீதத்தில் உறைய வைத்துவிட்டு அசைத்தால் மதிப்பு 306இலிருந்து 402 வரை ஓடும். மேலே சொன்ன ஃபார்முலாவோடு அசைத்தால் 333இலிருந்து 364 வரைதான். மாதிரி மிக நுண்ணுணர்வானது, நம்ப முடியாதது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் வகைத் தாளை வைத்திருக்கிறார்கள். வளர்ச்சியை இலவசமாகக் கூட்டினால் மதிப்பு தாவத்தான் செய்யும்.

இன்னும் ஒரு படி போகலாம். B5-இல் ஆர்.ஓ.இ.யை r-க்குச் சமமாக, 12.5 என்று போடுங்கள். ஆறாம் ஆண்டு லாபத்தை 56.04 என்று நிலையாக வைத்துக்கொண்டு g-ஐ 4, 6, 8 என்று மாற்றுங்கள். இறுதி மதிப்பு ஒவ்வொரு முறையும் சுமார் 448 ரூபாயிலேயே நிற்கும். அது 56.04 / 0.125 தவிர வேறொன்றுமில்லை. நாம் கேட்கும் வருமானத்தை மட்டுமே ஈட்டும் நிறுவனம் வளர்ந்தாலும் ஒன்றுதான், வளராவிட்டாலும் ஒன்றுதான். ஆர்.ஓ.இ. அதற்கும் கீழே போனால் வளர வளர மதிப்பு குறையும். இந்தச் சோதனையைச் செய்தபோது உங்கள் தாளில் இறுதி மதிப்பு g-யோடு சேர்ந்து ஏறினால், டிவிடெண்ட் விகிதம் இன்னும் g-யோடு இணைக்கப்படவில்லை என்று பொருள்.

அறிகுறி 4: மதிப்பு அதிகமாக வருகிறது, அடுத்த ஆண்டே உண்மையான டிவிடெண்ட் கணக்கைவிடக் கீழே போய்விடுகிறது

இங்கே g-யிலும் r-இலும் தேடிப் பயனில்லை. தொடக்கப் புள்ளியிலேயே பிழை.

கோல் இந்தியாவின் 2013-14 ஆண்டு இதற்கு நல்ல பாடம். 2014 ஜனவரியில் அது பங்கு ஒன்றுக்கு 29 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தது. முந்தைய ஆண்டு முழுவதற்கும் கொடுத்தது 14 ரூபாய்தான். அப்போது மத்திய அரசிடம் 90 சதவீதப் பங்குகள் இருந்தன. நிதிப் பற்றாக்குறையை அடக்கப் போராடிக்கொண்டிருந்த அரசுக்கு அந்த ஒரே அறிவிப்பில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அந்த ஆண்டு நிறுவனத்தின் லாபம் பங்கு ஒன்றுக்குச் சுமார் 24 ரூபாய். ஈட்டியதைவிட அதிகம் கொடுத்தது; பல ஆண்டுகளாகக் குவிந்திருந்த ரொக்கம் வெளியே வந்தது.

29ஐ அடிப்படையாக வைத்து, r 12.5, g 5 என்று கணக்கிட்டால் மதிப்பு 406 ரூபாய். அதற்குப் பதிலாக லாபத்தில் 60 சதவீதம்தான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு என்று எடுத்துக்கொண்டால் சுமார் 201 ரூபாய். ஒரே நிறுவனம், ஒரே r, ஒரே g. அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 20.70, 2019-20க்குள் 12 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பத்து ஆண்டு கழித்து, நிறுவனம் மிக நன்றாக ஈட்டிய 2023-24இலும் 25.50 தான். 29 ஆண்டுதோறும் 5 சதவீதம் வளரும் என்ற தாள் அந்த ஆண்டுக்கு 47 ரூபாயை எதிர்பார்த்திருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. டிவிடெண்டைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் வகுத்து ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதுங்கள். ஏதாவது ஓர் ஆண்டு 100 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது மற்ற ஆண்டுகளிலிருந்து வெகுவாக விலகி நின்றால், அந்த ஆண்டை அடிப்படையாக்காதீர்கள். வழக்கமான லாபத்தை வழக்கமான விகிதத்தால் பெருக்கி B4-ஐ நிரப்புங்கள். இன்னும் கொடுக்கப்படாத உபரி ரொக்கம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அதைப் பங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் ஒரு முறை கூட்டுங்கள். ஒரு முறை வரும் பணத்தை (r - g)-யால் வகுப்பது அதை நிரந்தர வருமானமாக்கிவிடும்.

இந்தியத் தரவில் இன்னொரு பிளவும் உண்டு. 2020 ஏப்ரலுக்கு முன் டிவிடெண்ட் விநியோக வரியை நிறுவனமே கட்டியது. கடைசி ஆண்டுகளில் அது வழங்கிய டிவிடெண்டில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது. பங்குதாரருக்கு 10 ரூபாய் தர நிறுவனம் 12 ரூபாய் செலவழித்தது. அதன்பின் வரி பங்குதாரரின் கைக்கு மாறியது. 2020க்கு முன்னும் பின்னும் உள்ள டிவிடெண்டுகளை ஒரே கோட்டில் வைத்து g கண்டுபிடித்தால் வரி மாற்றமும் வளர்ச்சியாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அறிகுறி 5: மென்பொருள் நிறுவனங்களுக்கு மட்டும் மதிப்பு குறைவாக வருகிறது

பங்குகளைத் திரும்ப வாங்குவதை, அதாவது பைபேக்கை, கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். டிசிஎஸ் 2017இல் 16,000 கோடி ரூபாய்க்கும், 2023இல் 17,000 கோடிக்கும் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது. இடையிலும் மூன்று முறை செய்தது. பங்குதாரர்களுக்குப் போன அந்தப் பணம் டிவிடெண்ட் வரியில் தெரியாது.

சேர்க்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நிறுவனம் முழுவதற்குமான டிவிடெண்டையும் பைபேக் தொகையையும் கூட்டி, மொத்த லாபம் வளரும் வேகத்தைப் போட்டு, வரும் மதிப்பை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுங்கள். பங்கு ஒன்றுக்கான லாபத்தின் வளர்ச்சியைப் போடாதீர்கள். பைபேக்கால் பங்குகள் குறைந்ததும் அந்த வளர்ச்சியில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. பணத்தையும் சேர்த்து, அதன் விளைவையும் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

அறிகுறி 6: எல்லாச் சோதனையும் முடிந்தது, இருந்தும் சந்தை விலையோடு ஒட்டவில்லை

நம் நிறுவனத்தின் மதிப்பு 346, சந்தை விலை 480. இந்த இடத்தில் எண்களைத் திரும்பத் திருகி 480க்குக் கொண்டுவரத் தோன்றும். திருகுவதைக் கைவிட்டு, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 480 சரியான விலை என்றால் என்ன நடந்தாக வேண்டும்?

r, நிரந்தர g, நீண்டகால ஆர்.ஓ.இ. மூன்றையும் அப்படியே வைத்து, 12 சதவீத வளர்ச்சி நீடிக்கும் ஆண்டுகளை மட்டும் நீட்டிப் பார்த்தேன். தாளில் புது வரிசைகளைச் சேர்த்து, அடுக்குகளில் உள்ள 5-ஐயும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு இரண்டாம் அறிகுறியில் சொன்ன 195.69 சோதனையை, B5-இல் தற்காலிகமாக 10 சதவீதம் போட்டு, மறுபடி செய்ய வேண்டும்; அப்போதுதான் டிவிடெண்ட் விகிதம் பழைய 40 சதவீதத்தில் நிற்கும். பத்து ஆண்டுகளுக்கு நீட்டினால் 398 ரூபாய். பதினெட்டு ஆண்டுகளில் 478. ஏறக்குறைய சந்தை விலையை எட்டிவிடுகிறது.

ஆக, 480 கொடுப்பவர் 20 சதவீத ஆர்.ஓ.இ.யும் 12 சதவீத வளர்ச்சியும் பதினெட்டு ஆண்டுகள் குலையாது என்று ஒப்புக்கொண்டே வாங்குகிறார். இது நடக்குமா என்பதற்குத் தாளில் பதில் இல்லை. அந்தத் தொழிலில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் முன்னணியில் இருந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்து, அவற்றில் எத்தனை இன்னும் 20 சதவீதம் ஈட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.